எக்ஸெல்ல டிஆர்சி நெடுவரிசையில பாதி 36%, பாதி 3560%, எப்படி சரியாக்கணும்?

குலசேகரம் பால்கடை
அண்ணாச்சிமாரே ஒரு உதவி. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கோம், எக்ஸெல்ல B-ல பால் கிலோ, C-ல பாலுல எத்தன சதவீதம் ரப்பர்னு சொல்ற டிஆர்சி, D-ல உலர் ரப்பருக்கு `=B2*C2`. நான் அடிக்கும்போ 35.6%னு சிம்பலோட அடிப்பேன், மச்சினன் பையன் கடையில இருந்தா வெறும் 35.6. நேத்து மாசக்கணக்கு பாக்கையில எல்லாம் ஒண்ணுபோல தெரியட்டும்னு C-ய மொத்தமா செலக்ட் பண்ணி % பட்டன அமுக்கினேன், எனக்க வரி 36%, அவன் வரி 3560%. 40 கிலோ பால் ஊத்தின ஆளுக்கு 1424 கிலோ ரப்பர்னு நிக்குது, அவ்வளவு ரப்பர் வந்தா நான் ஏன் இங்க பக்கெட் கழுவிட்டு இருக்கேன். பட்டன அமுக்கி கெடுத்துட்டேனா?

அருமனை தம்பி
ஈஸி அண்ணா. ஏதாவது காலி செல்ல 100 அடிங்க, காப்பி பண்ணுங்க, C-ய செலக்ட் பண்ணி Paste Special-ல Values, Divide ரெண்டும் குடுங்க. முடிஞ்சு.

குலசேகரம் பால்கடை
பண்ணினேன் தம்பி. பையன் வரி 36% ஆச்சு, எனக்க வரி எல்லாம் 0% ஆச்சு. Ctrl+Z அடிச்சு தப்பிச்சேன்.

திருவட்டாறு தோட்டம்
டிஆர்சி இப்படி ஏறி இறங்குதுன்னா டிஆர்சி அளக்கிற மெட்ரோலாக் கருவிய நம்பாதீங்க, மழைக்காலத்துல பால்ல தண்ணி கூடும், சாம்பிள காய வெச்சு எடை போட்டு பாருங்க.

குலசேகரம் பால்கடை
பாலுல ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே, கம்ப்யூட்டர்லதான்.

மார்த்தாண்டம் கணக்கர்
பட்டன் ஒண்ணும் கெடுக்கல. அது உள்ள இருக்கிற நம்பர தொடாது, காட்டும்போ மட்டும் நூறால பெருக்கி % போடும். நீங்க 35.6%னு அடிச்சா உள்ள 0.356 தான் போகும், பையன் அடிச்சது 35.6 ஆவே உக்காந்திருக்கு. 1424 பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடியே D-ல இருந்திருக்கும், நீங்க பாக்கல அவ்வளவுதான். தம்பி சொன்னது C முழுக்க 35.6 ஆ இருந்தா சரி, உங்களது கலப்படம். E2-ல இத போட்டு கீழ இழுங்க, அப்புறம் E-ய காப்பி பண்ணி C-மேல Paste Special, Values:

```
=IF(C2>1,C2/100,C2)
```

இன்னொண்ணு, ஃபார்மட்ட 0.0% ஆக்குங்க. உள்ள 0.356 இருக்க வெளிய 36%னு தெரிஞ்சா, பால் ஊத்தினவர் மொபைல்ல 40 கிலோவுக்கு 14.4னு கணக்கு போடுவார், உங்க ஷீட் 14.24னு சொல்லும். கிலோ 200 ரூபான்னு வெச்சா 32 ரூபாய்க்கு கடை வாசல்ல சண்டை.

குலசேகரம் பால்கடை
அந்த சண்டை போன வாரமே வந்தாச்சு அண்ணாச்சி, காரணம் இப்பதான் தெரியுது. ஃபார்முலா போட்டேன், E-ல மூணு வரி மட்டும் 0.00356னு வருது, C-ல அந்த மூணும் 35.6%னுதான் இருக்கு.

மார்த்தாண்டம் கணக்கர்
நல்லா பாருங்க, பட்டன் அமுக்கின பிறகு நீங்க அடிச்ச மத்ததெல்லாம் 36% ஆச்சு, இது மூணு மட்டும் 35.6%னே நிக்குது, செல்ல இடது பக்கமா ஒட்டியும் இருக்கும். அது நம்பரே இல்ல, எழுத்து. செல் Text ஃபார்மட்ல இருக்கும்போ அடிச்சா அப்படி ஆகும். எக்ஸெல்லுக்கு எந்த எழுத்தும் எந்த நம்பர விடவும் பெருசு, அதனால C2>1 சரின்னு எடுத்துக்கிட்டு, 0.356ஐ இன்னொரு தடவ நூறால வகுத்திடுச்சு. இதுல சிரிப்பு என்னன்னா D-ல பெருக்கும்போ அந்த எழுத்த அதுவே நம்பரா மாத்தி சரியா 14.24 குடுத்திடும், AVERAGE போட்டா மட்டும் கண்டுக்காம விட்டுடும். நான் முதல்லயே இத யோசிச்சிருக்கணும்:

```
=IF(VALUE(C2)>1,VALUE(C2)/100,VALUE(C2))
```

எதுலயாவது #VALUE! வந்தா அத மட்டும் கையால திருத்துங்க.

தக்கலை சொசைட்டி
நான் இத எனக்க கமிஷன் ஷீட்ல போட்டு பாத்தேன், அரை சதவீதம்னு 0.5 அடிச்சது 50% ஆயிட்டு!

மார்த்தாண்டம் கணக்கர்
ஆகத்தான் செய்யும். டிஆர்சி முப்பது நாப்பதுல நிக்கிறதால ஒண்ணுக்கு மேல இருந்தா சதவீதம்னு துணிஞ்சு சொல்லலாம். கமிஷன்ல 0.5 அரையா அம்பதான்னு நம்பர பாத்து சொல்ல முடியாது, அடிச்ச ஆள கேக்கணும்.

குலசேகரம் பால்கடை
மூணு வரியும் சரியாச்சு. இனிமே எப்படி அடிக்கட்டும்?

மார்த்தாண்டம் கணக்கர்
காலி செல்லுக்கு முன்னாடியே % ஃபார்மட் குடுத்து வைங்க, அப்புறம் பையன் 35.6னு அடிச்சாலும் 35.6% ஆ, உள்ள 0.356 ஆ போகும்.

அருமனை தம்பி
நான் ஒத்துக்க மாட்டேன். பையன் புது ஷீட் திறந்தா ஃபார்மட் இருக்காதே, திரும்பவும் இதே கதை. தலைப்புல "டிஆர்சி %"னு எழுதி வெறும் 35.6 அடிங்க, D-ல `=B2*C2/100`. சிம்பல் கண்ணுக்கு வேணும்னா `0.0\%`னு கஸ்டம் ஃபார்மட் போடலாம், அது பெருக்காம சும்மா % ஒட்டும்.

மார்த்தாண்டம் கணக்கர்
அந்த கஸ்டம் ஃபார்மட்ட மட்டும் வேண்டாம்பேன் தம்பி. வெளிய 35.6%, உள்ள 35.6, ஆறு மாசம் கழிச்சு வேற ஆளு வந்து `=B2*C2` எழுதுவான், திரும்ப 1424.

குலசேகரம் பால்கடை
பால் வாங்குற கம்பெனிக்கு சிஎஸ்வி அனுப்பணும், அவங்க % சிம்பல் இருந்தா எடுக்க மாட்டேங்காங்க.

அருமனை தம்பி
பாத்தீங்களா! % ஃபார்மட் இருந்தா சிஎஸ்வில சிம்பலோடத்தான் போகும்.

மார்த்தாண்டம் கணக்கர்
ஆமா, திரையில தெரியறதுதான் சிஎஸ்வில போகும், 36%னு வெச்சு அனுப்பினா அந்த .6 தசமமும் போயிடும். அனுப்பறதுக்குன்னு தனியா ஒரு நெடுவரிசையில `=C2*100` போடுங்க.

குலசேகரம் பால்கடை
பையன்கிட்ட கேட்டுட்டு வாறேன், அடிக்கிறது அவன்தானே.