‘கலந்துரையாடல்’ என்று போன அழைப்பு: எங்கே இறுக்குவது?

கரும்பலகை:
புகார் பதிவுக்கு வைத்திருக்கும் பழைய முறையை விட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறப்போகிறோம். போன மீட்டிங்கில் ஒரு மணி நேரம் பேசியும் எதுவும் முடிவாகாமல் எழுந்தோம். அடுத்ததற்கான அழைப்பு இது. வியாழன் 11 முதல் 12 வரை, 11 பேர்.

தலைப்பு: புகார் மென்பொருள் – கலந்துரையாடல்
1. அறிமுகம்
2. தற்போதைய நிலை
3. சிக்கல்கள்
4. அடுத்த கட்டம்
5. பிற
இணைப்பு: 34 பக்க அறிக்கை. அனைவரும் படித்துவிட்டு வரவும்.

எங்கே கை வைக்கலாம்?

ஓடைக்கரை:
நேரம் போடவில்லை, அதுதான் குறை. ஐந்து தலைப்பு இருக்கு, ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் போடுங்க, சரியாகிடும். Google Calendar-ல் Speedy meetings என்று ஒரு அமைப்பு இருக்கு. அதை ஆன் செய்தால் 60 நிமிட மீட்டிங் தானாகவே 50 ஆகிவிடும். மீட்டிங்கும் சுருங்கும், பேச்சும் சுருங்கும்.

நடுப்பக்கம்:
அமைப்பு நல்லதுதான். ஆனால் அது இனிமேல் போடும் மீட்டிங்குகளின் நீளத்தை மட்டும்தான் குறைக்கும். பேச்சு எங்கே நீள்கிறது என்பதை அது தொடாது. சமமாகப் பங்கிடுவதும் உதவாது. நிர்வாகத்தைக் கிண்டலாக அலசிய எழுத்தாளர் பார்க்கின்சன் 1957-லேயே இதைக் கற்பனைக் குழு ஒன்றை வைத்துக் காட்டினார்: அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல், சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம். எல்லோருக்கும் கருத்து இருக்கும் விஷயம்தான் நேரத்தைத் தின்னும். உங்கள் பட்டியலில் ‘அறிமுகம்’, ‘தற்போதைய நிலை’ இரண்டுக்கும் 24 நிமிடம் போனால் முடிவுக்கு என்ன மிஞ்சும்?

கரும்பலகை, உங்கள் ஐந்து வரியும் வெறும் பெயர்ச்சொற்கள். ‘சிக்கல்கள்’ என்று பார்த்ததும் ஒருவர் பட்டியலோடு வருவார், ஒருவர் தீர்வோடு வருவார், இன்னொருவர் யார் தவறு என்று விசாரிக்க வருவார். வரிகளைக் கேள்வியாக மாற்ற வேண்டும். அதற்கு முன் இதைச் சொல்லுங்கள்: 12 மணிக்கு எழும்போது எது முடிவாகியிருக்க வேண்டும்?

கரும்பலகை:
மாறும் தேதி. மார்ச் 3 அல்லது 17. ஆனால் பழைய புகார்களை முழுவதும் கொண்டுபோவதா, கடைசி 2 ஆண்டு மட்டுமா என்பதும் தீரவில்லை. முழுவதும் என்றால் 3-ம் தேதிக்குள் வேலை முடியாது.

நடுப்பக்கம்:
போன முறை முட்டிக்கொண்டது இங்கேதான் என்று நினைக்கிறேன். தேதிக் கேள்வியின் வயிற்றுக்குள் தரவுக் கேள்வி இருக்கிறது. சிலர் தேதியைப் பேசியிருப்பார்கள், சிலர் தரவைப் பேசியிருப்பார்கள், எல்லோரும் ஒன்றையே பேசுவதாக நினைத்திருப்பார்கள். தரவு முதலில், தேதி பிறகு. இப்படி எழுதிப் பாருங்கள்:

தலைப்பு: முடிவுக்கு – புகார் மென்பொருளுக்கு மாறும் தேதி
நோக்கம்: எவ்வளவு பழைய தரவு, எந்தத் தேதி – இரண்டையும் முடிவு செய்துவிட்டு எழுவோம். கடைசி வார்த்தை செயல்பாட்டு மேலாளருடையது.
வருமுன்: அறிக்கையில் 6–9 பக்கங்கள் மட்டும் (சுமார் 10 நிமிடம்). உங்கள் தேர்வையும் காரணத்தையும் புதன் மாலை 4-க்குள் பகிர்ந்த தாளில் ஒரே வரியில் எழுதவும்.
11:00 பதில்கள் எங்கே முரண்படுகின்றன? (5)
11:05 2 ஆண்டுத் தரவா, முழுவதுமா? (15)
11:20 மார்ச் 3-ஆ, 17-ஆ? (15)
11:35 யார், எதை, எப்போது – வாசித்து உறுதி செய்தல் (10)
11:20-க்குள் தரவு தீராவிட்டால்: 2 ஆண்டு என்று வைத்துக்கொண்டு தேதிக்குப் போவோம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நேரம் தீர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதாத நேரக் கட்டுப்பாட்டை யாரும் மதிப்பதில்லை. “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பார்கள், அது 20 ஆகும்.

அடுத்தது ஆள் கணக்கு. 11 பேரும் ஆளுக்கு 2 நிமிடம் பேசினால் 22 நிமிடம். 15 நிமிடக் கட்டத்தில் அது அடங்காது. 6 பேர் என்றால் 12, முடித்து வைக்க 3 மிஞ்சும். முடிவால் வேலை மாறப்போகிறவர்கள் மட்டும் வரட்டும். மற்ற ஐந்து பேருக்கு அன்று மாலையே முடிவை அனுப்பிவிடலாம்.

தாழ்வாரம்:
மினிட்ஸ் எழுத டெம்ப்ளேட்தானே கேட்கிறீங்க? என்கிட்ட ரெண்டு பக்கத்துல ஒண்ணு இருக்கு, பகிரவா?

கரும்பலகை:
இல்லைங்க, இது கூட்டத்துக்கு முன்னால் போகும் அழைப்பு.

தாழ்வாரம்:
ஓ, மாத்திப் படிச்சிட்டேன். ஆனா பாருங்க, மேல இருக்கிற கேள்விகளுக்குக் கீழ பதிலை நிரப்பினா அதுவே மினிட்ஸ் ஆயிடும். அப்போ என் டெம்ப்ளேட் தேவையில்லை.

மழைக்குடை:
அழைப்பு கண்ணில் படும் விதத்தையும் பாருங்க. போனில் வரும் அறிவிப்பில் பெரும்பாலும் தலைப்பும் நேரமும்தான் தெரியும். திறந்தால் வீடியோ இணைப்பும் டயல் எண்களும் மேலே உட்கார்ந்திருக்கும், நோக்கம் எங்கோ கீழே கிடக்கும். நோக்கத்தை அதற்கு மேலே தூக்கி வைங்க. தலைப்பில் ‘முடிவுக்கு’ என்று இருந்தால் திறக்காதவருக்கும் விஷயம் புரியும்.

இன்னொன்று, வெறும் அழைப்பை முதலில் அனுப்பிவிட்டு அஜெண்டாவைப் பிறகு சேர்க்காதீங்க. ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர் மறுபடி திறந்து பார்ப்பது அபூர்வம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் தலைப்பில் ‘மாற்றம்’ என்று போட்டு எல்லோருக்கும் அப்டேட் அனுப்புங்க.

கல்மேடை:
என் தலைவலி வேறு. திங்கள்தோறும் நிலவரக் கூட்டம் நடத்துகிறேன். 9 பேர், 45 நிமிடம். இதில் முடிவு என்று எதுவும் கிடையாதே, ‘நோக்கம்’ வரியில் என்ன எழுதுவது?

நடுப்பக்கம்:
நிலவரத்தை வெள்ளிக்கிழமையே ஆளுக்கு மூன்று வரியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அழைப்பில், “எழுதி வந்தவற்றில் தடை உள்ளவற்றை மட்டும் பேசுவோம். திங்கள் காலை 9 வரை தடை எதுவும் வராவிட்டால் ரத்து” என்று போடுங்கள். தடையை நீக்குவதுதான் அந்தக் கூட்டத்தின் நோக்கம்.

மழைக்குடை:
இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். தடை இருப்பதையே எழுதத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். பேச்சுவாக்கில்தான் அது வெளியே வரும். ரத்து செய்தால் அதையும் இழப்பீர்கள்.

கல்மேடை:
எங்கள் குழுவில் அப்படி இரண்டு பேர் உண்டு. ஒரு மாதம் ரத்து இல்லாமல், ஆனால் 20 நிமிடமாகச் சுருக்கிப் பார்க்கிறேன்.

ஓடைக்கரை:
சமப் பங்கு சரியில்லை என்று புரிகிறது. ஆனால் ‘படித்துவிட்டு வரவும்’ என்றால் பாதிப் பேர் படிக்காமல்தானே வருவார்கள்? 34-ஐ 4 பக்கமாக்கினால் மட்டும் படித்துவிடுவார்களா?

நடுப்பக்கம்:
சிலர் படிக்க மாட்டார்கள். அதனால்தான் ஒரு வரிப் பதில் கேட்டேன். புதன் 4 மணிக்குத் தாளைப் பார்த்தால் யார் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும், நினைவூட்ட ஒரு மாலை இருக்கும். இன்னொரு வழி, கூட்டத்துக்குள்ளேயே படிப்பது. அமேசானில் ஆறு பக்கக் குறிப்பைக் கூட்டத் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாக வாசிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் 10 நிமிடத்தை மேலே சேர்த்து 55 என்று போடுங்கள். 45-க்குள் திணித்தால் அடிபடுவது தேதிக் கேள்விதான்.

மழைக்குடை:
அறையில் அது நடக்கும். ஆன்லைனில் அந்தப் பத்து நிமிடம் மெயில் பார்க்கப் போய்விடும்.

நடுப்பக்கம்:
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கரும்பலகை, அனுப்பும் முன் ஒரு வேலை. கடைசி வார்த்தை மேலாளருடையது என்று நான் அனுமானித்துதான் எழுதினேன். அவரிடம் அந்த வரியைக் காட்டிவிட்டீர்களா? அவர் ஒப்புக்கொள்ளாமல் அனுப்பினால் கூட்டத்தின் முதல் பத்து நிமிடமும் அதிலேயே போகும்.

கரும்பலகை:
இப்போதுதான் காட்டினேன். முடிவைத் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆனால் ‘2 ஆண்டு என்று வைத்துக்கொண்டு’ என்பதை ஏற்கவில்லை, முன்கூட்டியே தீர்மானித்த மாதிரி இருக்கிறதாம். அந்த வரி இப்போது இப்படி: “11:20-க்குள் தரவு தீராவிட்டால் பேச்சை நிறுத்தி, தேதியை இரண்டு நிலைக்கும் தனித்தனியாகக் குறிப்போம். தரவு முடிவை மேலாளர் வெள்ளி 10 மணிக்குள் எழுத்தில் தருவார்.” ஆறு பேருக்கு அனுப்பிவிட்டேன்.