கோட்டா ரெண்ட்: ‘ஒதுக்கீட்டு வாடகை’ என்று எழுத மனம் வரவில்லை

நத்தை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பன்னாட்டு வணிகம் பற்றிய பாடநூலில் ஒரு அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டாரிஃபுக்கு இறக்குமதி வரி, அதில் எனக்குச் சிக்கல் இல்லை. கோட்டாவுக்கு ஒதுக்கீடு என்று போட்டு நகர்ந்துவிட்டேன். மாட்டிக்கொண்ட இடம் கோட்டா ரெண்ட். எனக்கு முன்னால் இதைத் தொட்டவர் ‘ஒதுக்கீட்டு வாடகை’ என்று எழுதி வைத்திருக்கிறார். என் தங்கை படித்துப் பார்த்துவிட்டு, சரக்கு வைக்கிற கிடங்குக்குக் கொடுக்கும் வாடகையா என்று கேட்டாள்.

நூலில் வரும் கணக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரு பொருளின் உலகச் சந்தை விலை 100. அந்த விலையில் நாட்டில் 1000 விற்கும். உள்நாட்டுக்காரர்கள் 400 செய்வார்கள், மீதி 600 வெளியிலிருந்து வரும். அரசு 20 வரி போட்டால் உள்ளூர் விலை 120 ஆகிறது. வாங்குவது 800 ஆகக் குறைகிறது, உள்நாட்டு உற்பத்தி 500 ஆகக் கூடுகிறது, இறக்குமதி 300 தான். அரசுக்கு 6000 வரி கிடைக்கிறது. சரி, வரியே இல்லாமல் ‘ஆண்டுக்கு 300 மட்டும் உள்ளே வரலாம்’ என்று கோட்டா வைத்தாலும் விலை அதே 120 வரை ஏறிவிடும். ஆனால் 6000 அரசுக்கு வராது, 100க்கு வாங்கி 120க்கு விற்கிறவர் கையில் நின்றுவிடும். அந்த 6000க்குத்தான் பெயர் தேடுகிறேன்.

விடியல் எழுதியது:

ஒதுக்கீடு நல்ல சொல் தானே நத்தை, இட ஒதுக்கீடு என்று தினமும் புழங்குகிற சொல். வாடகையை எடுத்துவிட்டு ‘ஒதுக்கீட்டுப் பயன்’ என்று போடுங்கள், முடிந்தது. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். வரியைக் கட்டுவது வெளிநாட்டுக்காரன். அப்படி இருக்க, வரியால் நம் பக்கத்து நுகர்வோருக்கு நட்டம் என்று உங்கள் நூல் சொன்னால் அதுவே தவறாயிற்றே?

தராசு எழுதியது:

விடியல், துறைமுகத்தில் வரிச்சீட்டுக்குப் பணம் கட்டுவது இறக்குமதி செய்கிறவர், வெளிநாட்டுக்காரர் அல்ல. நத்தையின் கணக்கில் வெளிநாட்டுக்காரர் வரிக்கு முன்னும் 100 வாங்கினார், பின்னும் 100 தான் வாங்குகிறார். கூடுதலாக 20 கொடுப்பவர் உள்ளூரில் பொருளை வாங்குகிறவர். வாங்கும் நாடு உலகச் சந்தையில் பெரிய கையாக இருந்து, அது வாங்குவதைக் குறைத்தால் உலக விலையே இறங்கும் என்ற நிலை இருந்தால் மட்டும் சுமையில் ஒரு பங்கு வெளியே போகும்.

யாருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வாங்குகிறவர்களுக்கு மொத்த நட்டம் 18000: தொடர்ந்து வாங்குகிற 800க்கு 20 வீதம் 16000, விலை ஏறியதால் வாங்காமல் விட்ட 200ஆல் இன்னொரு 2000. உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு 9000 கிடைக்கிறது. அரசுக்கு 6000. மீதி 3000 யார் கைக்கும் போகவில்லை, வீண். கோட்டாவிலும் 18000, 9000, 3000 மூன்றும் அப்படியே இருக்கும். அந்த 6000 மட்டும் இடம் மாறும். சண்டை எல்லாம் அதற்காகத்தான்.

சொல்லுக்கு வருகிறேன். பொருளியலில் ரெண்ட் என்றால் வீட்டு வாடகை இல்லை. பழைய தமிழ்ப் பாடநூல்கள் அதை ‘வாரம்’ என்றே எழுதின, நிலத்துக்குக் கொடுக்கும் வாரம் என்கிற பொருளில். தட்டுப்பாடான ஒன்றைக் கையில் வைத்திருப்பதாலேயே வருகிற மிகை வரும்படி அது. அதனால் ‘ஒதுக்கீட்டு வாரம்’ என்பது என் முதல் கருத்து. ஆனால் இன்றைய மாணவருக்கு வாரம் என்றால் ஏழு நாள் தான் நினைவுக்கு வரும், தெரியும்.

பழைய குமாஸ்தா எழுதியது:

நீங்கள் எல்லாம் கணக்காகப் பேசுகிறீர்கள், நான் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தவன். பல வருடம் முன்னால் ஒரு சிறு பட்டறையில் கணக்கெழுதினேன். எங்களுக்கு வெளிநாட்டுத் தகடு வேண்டும், எங்கள் பெயரில் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் வைத்திருந்த ஆளிடம் ஒரு இயந்திரம்கூட இல்லை. சரக்கு அவர் பெயரில் வரும், எங்களுக்கு பில் போடுவார். பில்லில் தகட்டின் விலை நியாயமாகத்தான் இருக்கும். அதற்கு மேலே ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் ஒரு தொகை எழுதியிருக்கும், அது ரொக்கம். எங்கள் முதலாளி அதைப் பேரேட்டில் ‘இதர செலவு’ என்று எழுதச் சொல்வார். அதற்குப் பெயர் ‘பிரீமியம்’, எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். உங்களுக்குத் தமிழ் வேண்டுமென்றால் ‘உரிம ஆதாயம்’. இன்னொன்று, உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு ஆதாயம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். தகட்டை வாங்கி வேலை செய்கிற நாங்களும் உற்பத்தியாளர்கள் தான், எங்களுக்கு அடி.

தராசு எழுதியது:

குமாஸ்தா ஐயா சொன்ன கடைசி வரி அத்தியாயத்தில் போக வேண்டும். மூலப்பொருளாக வாங்குகிறவர்கள் என் கணக்கில் ‘வாங்குகிறவர்கள்’ வரிசையில்தான் வருவார்கள், உற்பத்தியாளர் வரிசையில் அல்ல.

துண்டுத்தாளும் முக்கியம். கோட்டா உண்மையிலேயே இறுக்குகிறதா என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. அனுமதிச்சீட்டு கைமாறும் விலை பூஜ்யம் என்றால் வரம்பு யாரையும் தடுக்கவில்லை. 20க்குக் கைமாறினால் உள்விலைக்கும் வெளிவிலைக்கும் அவ்வளவு இடைவெளி. 2004 முடிவு வரை பல நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன. அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் ஏற்றுமதிக் கோட்டாவே வெளிப்படையாக விலைக்குக் கைமாறியது.

ஆனால் ‘உரிம ஆதாயம்’ எனக்கு ஒத்துவரவில்லை. இறக்குமதி செய்யும் நாட்டில் உரிமமே இல்லாமலும் இது நடக்கும். 1981இல் அமெரிக்காவின் நெருக்குதலால் ஜப்பான் தானாகவே ஆண்டுக்கு 16,80,000 கார்களுக்கு மேல் அங்கே அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டை நடத்தியது ஜப்பான். கார் தட்டுப்பாடாகி விலை ஏறியபோது அந்த மிகைப் பணம் பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனங்களுக்கே போனது. அமெரிக்க அரசு வரி போட்டிருந்தால் அந்தப் பணம் அதன் கஜானாவுக்கு வந்திருக்கும். நத்தையின் எண்களில் சொன்னால் நாட்டின் நட்டம் 3000 இல்லை, 9000. எண்ணிக்கைக்குத்தான் வரம்பு என்பதால் அவர்கள் மலிவான வண்டிகளைக் குறைத்துக்கொண்டு பெரிய, வசதி கூடிய வண்டிகளை அதிகமாக அனுப்பினார்கள். ஒரு வண்டிக்கான இடம் கிடைத்தால் அதில் எதை அனுப்புவார்கள், சொல்லுங்கள்.

ஆகவே பெயரில் ‘யாருக்கு’ என்பது ஒட்டியிருக்கக் கூடாது. வரம்பு பிறப்பிக்கிற பணம் என்று மட்டும் அது சொன்னால் போதும்.

கூர்முனை எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? அனுமதிச்சீட்டை அரசு ஏலம் விட்டால் ஆளாளுக்கு 20 வரை ஏலம் கேட்பார்கள், 6000 அரசுக்கே வந்துவிடும். வரியும் கோட்டாவும் ஒன்றே என்றாகிவிடும். 1980களில் நியூசிலாந்து இறக்குமதி உரிமங்களில் ஒரு பகுதியை டெண்டரில் விற்றது. தனிச்சொல்லே வேண்டாம், ‘மறைவரி’ என்று எழுதுங்கள்.

தராசு எழுதியது:

பாதி சரி தம்பி. ஏலம் போட்டி ஏலமாக நடந்தால் 6000 அரசுக்கு வரும், அது உண்மை. ஆனால் ‘ஒன்றே’ என்பது கணக்குப் போட்ட அந்த ஒரு நாளைக்கு மட்டும் தான்.

அடுத்த ஆண்டு, எந்த விலையிலும் 150 கூடுதலாக வாங்க ஆள் வருகிறார்கள் என்று வையுங்கள். வரி இருந்தால் விலை 120ஐத் தாண்டாது. கூடுதல் 150ம் வெளியிலிருந்து வரும், இறக்குமதி 450, அரசுக்கு 9000. கோட்டா இருந்தால் 300க்கு மேல் வர வழியில்லை. அதே எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன், விலை 130 வரை ஏறினால்தான் சரியாகிறது. உள்நாட்டு உற்பத்தி 550 ஆகிறது, மிகைப் பணம் 6000இலிருந்து 9000 ஆகிறது. சீட்டை முன்பே ஏலம் எடுத்தவர் பழைய விலைக்கு எடுத்திருப்பார், கூடுதல் 3000 அவருக்கு. இதனால்தான் உள்நாட்டு ஆலைக்காரர்கள் வரியைவிடக் கோட்டாவை விரும்பிக் கேட்பார்கள். வரியில் அவர்கள் ஏற்றக்கூடிய விலைக்கு ஒரு உச்சம் உண்டு. கோட்டாவில் அந்த உச்சம் இல்லை. உள்நாட்டில் ஒரே ஆலை என்றால் இன்னும் மோசம்: 300 வந்து முடிந்த பிறகு சந்தை முழுக்க அவர் கையில், உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றிக்கொள்ளலாம்.

‘மறைவரி’ என்றால் எங்கோ அரசு வாங்குகிறது என்று மாணவர் நினைப்பார். அரசு வாங்காமல் விடுவதுதான் இதில் விஷயமே.

நத்தை எழுதியது:

நேற்று இரவு எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு, ஒதுக்கீட்டையே கைவிட்டேன். விடியல் கோபிக்க வேண்டாம். ஒதுக்கீடு என்றால் ஒருவருக்கென்று எடுத்து வைப்பது, கொடுப்பது. இங்கே நடப்பது தடுப்பது. ‘இறக்குமதி ஒதுக்கீடு’ என்று படிக்கிறவர், இறக்குமதிக்கு ஏதோ சலுகை என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. அதனால் கோட்டா ‘இறக்குமதி வரம்பு’. அந்த 300ஐ இன்னாருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் ஒதுக்கீடு. அப்படியானால் அந்த 6000 ‘வரம்பு வாரம்’ ஆகிறது, ஏதோ அரசு விழா வாரம் மாதிரி இருக்கிறது. ‘வரம்பு ஆதாயம்’ என்று வைக்கலாமா?

பழைய குமாஸ்தா எழுதியது:

ஆதாயம் என்று முதலில் சொன்னவன் நான்தான், ஆனாலும் இப்போது யோசித்தால் உறுத்துகிறது. ஆதாயம் வேலை செய்து சம்பாதிப்பதற்கும் சொல்வோம். அந்த ஆள் எதுவும் செய்யவில்லையே.

தராசு எழுதியது:

எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது ஐயா, அந்தச் சீட்டை வாங்க அலைந்திருப்பார். பொருளியலாளர் ஆன் க்ரூகர் 1974 கட்டுரையில் காட்டியது இதைத்தான். ஆலையின் கொள்ளளவைப் பார்த்து உரிமம் தருகிறார்கள் என்றால், உரிமத்துக்காகவே தேவையில்லாமல் ஆலையைப் பெரிதாக்குவார்கள். அந்தச் செலவையும் சேர்த்தால் 6000இல் ஒரு பகுதி கைமாறுவது மட்டும் இல்லை, கரைந்தும் போகிறது. ஆதாயம் என்ற சொல் அந்த அலைச்சலை மறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாரமும் அதைச் சொல்லாது. ‘வரம்பு மிகுதி’ என்றால் எஞ்சியது என்று ஆகிவிடும்.

விடியல் எழுதியது:

கோபம் இல்லை, வரம்பு எனக்கும் சரி. ஆனால் ஒரு அளவு வரை குறைந்த வரி, அதைத் தாண்டினால் கடும் வரி என்று சில நாடுகள் வைத்திருக்கின்றனவே, அதை எப்படி எழுதுவீர்கள்? தாண்டிப் போகவும் விடுகிறார்கள், அப்புறம் அது என்ன வரம்பு?

நத்தை எழுதியது:

அது அடுத்த அத்தியாயம் விடியல், இப்போதைக்கு ‘இருபடி வரி’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். முதல் படியில் கொண்டுவர இடம் கிடைத்தவருக்கு இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம் கையில் நிற்கும், ஆகவே அங்கேயும் இதே சொல் தேவைப்படும். ‘வரம்பு ஆதாயம்’ என்று போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் குமாஸ்தா ஐயாவின் துண்டுத்தாளை ஒரு பெட்டிச் செய்தியாக வைக்கிறேன், அவர் அனுமதித்தால்.

பழைய குமாஸ்தா எழுதியது:

தாராளமாகப் போடுங்கள் அம்மா. பென்சில் என்பதை விட்டுவிடாதீர்கள், தொகை மாதாமாதம் மாறும்.