ஏற்காட்டு மிளகு எட்டாவது பக்கத்துல கிடக்கு, வழி சொல்லுங்க

வணக்கம். எங்க தோட்டத்து மிளகை ஆன்லைன்ல போட்டு ஒரு மாசம் ஆச்சு. தலைப்பை அப்படியே அடிச்சா உடனே வருது. 'மிளகு 250 கிராம்'னு தேடினா எட்டாவது பக்கம். ஆக, தேடல்ல பதிவாகியிருக்கு. பழைய விற்பனையும் ரிவியூவும் இருக்கறவங்க முன்னாடி நிக்கறாங்க, அதை இன்னிக்கே மாத்த முடியாது.

ஆனா 900 தடவை கண்ணுல பட்டு 6 கிளிக்தான், ஆர்டரே இல்லை. விலை மத்தவங்க விலைதான். படம்தான் சாக்கு மேல கொட்டி எடுத்தது. போன்ல சின்னதா பார்த்தா ஏதோ கருப்பா தெரியுது, எடையும் தெரியலை. டெலிவரி வேற 7 நாள் காட்டுது, மத்தவங்களுக்கு 2.

முதல்ல படத்தை மட்டும் மாத்தி ரெண்டு வாரம் கிளிக்கைப் பார்க்கவா, இல்ல சரக்கைச் சேலத்துக்கு இறக்கி அங்கிருந்து அனுப்பவா? விளம்பரத்துக்கு இப்பவே காசு போட்டா இந்தப் படத்துக்கு வீண்தானே? விற்றுப் பார்த்தவங்க சொல்லுங்க.