சென்செக்ஸ்: ஆண்டுக்கு 18 சதவீதமா, 13.75 சதவீதமா?

புதுக்கணக்கு: 2019 மார்ச் முடிவில் சென்செக்ஸ் 38,673. 2024 மார்ச் முடிவில் 73,651. அப்படியானால் ஆண்டு வளர்ச்சி எவ்வளவு? ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள்.

தாமிரபரணி: மொத்த ஏற்றம் 90.4 சதவீதம். ஐந்தால் வகுங்கள், 18 வரும். அவ்வளவுதான்.

பேரேடு: இல்லை அண்ணா. 38,673-ஐ ஐந்து முறை 1.18ஆல் பெருக்கிப் பாருங்கள், 88,000-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு வருட ஏற்றமும் முந்தைய வருடம் நின்ற இடத்தின் மேல் ஏறுகிறது. அதனால் வகுக்கக் கூடாது, ஐந்தாம் மூலம் எடுக்க வேண்டும். எக்செல்லில் இப்படி:

```
=(73651/38673)^(1/5)-1
```

விடை 13.75 சதவீதம். `1/5`-ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால் மைனஸ் 62 சதவீதம் என்று வரும். லாபக் கணக்கில் மைனஸ் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மலைக்கோட்டை: மூலம் எடுப்பது சரி. ஆனால் 2019 முதல் 2024 வரை எண்ணினால் ஆறு வருடம். ஆறாம் மூலம் போட்டால் 11.3தான் வருகிறது.

பேரேடு: தேதிகள்தான் ஆறு. ஒரு மார்ச்சிலிருந்து அடுத்த மார்ச் வரை போனால்தான் ஒரு வருடம். அப்படி ஐந்துதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 1.1375-ஆல் ஐந்து முறை பெருக்குங்கள். 73,649-இல் வந்து நிற்கும்.

கீழவாசல்: நான் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறேன். ஐந்து வருடத்தில் போட்டது 3 லட்சம், இப்போது 4.6 லட்சம். இதே சூத்திரத்தில் போட்டால் 8.9 சதவீதம்தான் வருகிறது. வங்கி வைப்பிலேயே போட்டிருக்கலாமோ?

பேரேடு: அவசரப்படாதீர்கள். நீங்கள் கடைசியாகப் போட்ட 5,000 ஒரு மாதம்தான் உழைத்திருக்கிறது. இந்தச் சூத்திரமோ 3 லட்சமும் முதல் நாளே உள்ளே போனதாக நினைத்துக்கொள்கிறது. பணம் போட்ட தேதிகளையும் தொகைகளையும் (போட்டது மைனஸில்), இன்றைய மதிப்பையும் வரிசையாக எழுதி `XIRR` போடுங்கள். 8.9-ஐ விட நிறையவே கூடுதலாக வரும்.

தாமிரபரணி: சரி, 13.75 என்றே வைத்துக்கொள்வோம். தொடக்கத்தை 2020 மார்ச்சுக்கு நகர்த்தினால்? கொரோனா வீழ்ச்சியில் சென்செக்ஸ் 29,468. அங்கிருந்து நான்கு வருடத்துக்கு 25.7 சதவீதம் வருகிறது. ஒரே ஒரு வருடம் தள்ளியதற்கே விடை இவ்வளவு மாறினால் இந்த எண்ணை எப்படி நம்புவது?

பேரேடு: இரண்டு கணக்கும் சரிதான். இது முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டுமே பார்க்கும்; நடுவில் விழுந்து எழுந்தது எதுவும் இதில் தெரியாது. பள்ளத்தில் தொடங்கினால் பெரிதாகத்தான் வரும். ஒரே தொடக்கத்தை நம்பாமல் பல வருடத் தொடக்கங்களுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மலைக்கோட்டை: பல விடை வந்தால் கேட்டவருக்கு எதைச் சொல்வது? 2019-ஐயே வைத்துக்கொள்ளலாம், அது வீழ்ச்சிக்கு முந்தைய நிலை.

தாமிரபரணி: முடிவுப் புள்ளி மட்டும் அன்றைய உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கலாமா? அதையும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.