தினேஷுக்கு வாடகை வீடு: எங்கள் குடும்பக் குழுவில்

தினேஷ்: எல்லாருக்கும் வணக்கம். இப்போதைய வீட்டுக்காரர் மகன் குடிவருகிறாராம், அடுத்த மாதக் கடைசிக்குள் நாங்கள் மாற வேண்டும். மூன்று மூவறை வீவக வீடுகளைப் பார்த்து, பிரியாவின் தஞ்சோங் பகார் ஆபீஸை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். தூரம் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்தது. வாடகையும் முன்பணமும் வெள்ளியில்.

| வீடு | வாடகை | முன்பணம் | தூரம் | பயணம் |
|---|---|---|---|---|
| ஈசூன் | 2,500 | 5,000 | 17 கி.மீ. | 40 நிமிடம் |
| செங்காங் | 2,700 | 5,400 | 14 கி.மீ. | 34 நிமிடம் |
| குவீன்ஸ்டவுன் | 3,100 | 3,100 | 5 கி.மீ. | 10 நிமிடம் |

பெரியம்மா: ஈசூன் எடுப்பா. என் புளோக்குக்குப் பக்கம்.

அம்மா: அதற்காக வீடு எடுக்க முடியுமா அக்கா?

பெரியம்மா: ஏன், நான் என்ன செய்துவிட்டேன்?

சித்தப்பா: ஈசூனைவிட செங்காங்தான் கிட்ட. 6 நிமிடம் மிச்சம்.

கவிதா அக்கா: தினேஷ், செங்காங் நேரத்தை எங்கிருந்து பார்த்தாய்?

தினேஷ்: செங்காங் எம்ஆர்டியிலிருந்து அக்கா.

கவிதா அக்கா: வீடு எல்ஆர்டி பக்கம் என்றாயே. நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், எல்ஆர்டியில் போய் செங்காங்கில் மாறி, ஊட்ரம் பார்க்கில் மறுபடி மாற வேண்டும். வாசலிலிருந்து 55 நிமிடம் ஆகிவிடும். ஈசூன் வீடு நிலையத்தை ஒட்டி இருக்கிறது, ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரே மாற்றம். நடையும் காத்திருப்பும் சேர்த்து 50.

சித்தப்பா: அப்படியா? ஆனாலும் குவீன்ஸ்டவுனில் முன்பணம் குறைவாக இருக்கிறதே, வீட்டுக்காரர் நல்லவர் போல.

கவிதா அக்கா: நல்லவர் கெட்டவர் என்பதில்லை சித்தப்பா. அது ஓராண்டு ஒப்பந்தம், அதனால் ஒரு மாத வாடகைதான் முன்பணம். மற்ற இரண்டும் ஈராண்டு, இரண்டு மாதம். சாவி வாங்க ஈசூனுக்கு முதல் வாடகை, முன்பணம், முத்திரை வரி 240 சேர்த்து 7,740 கையில் வேண்டும். குவீன்ஸ்டவுனுக்கு வரி 148, மொத்தம் 6,348 போதும். ஆனால் அடுத்த வருடம் வாடகையை ஏற்றினால் கேட்க முடியாது. மாதம் 600 கூடுதல் என்பதையும் மறக்காதே.

அத்தை: முன்பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வீட்டில் ஏர்கான் கழுவிய ரசீது இல்லை என்று 400 வெள்ளி பிடித்துக்கொண்டார்கள்.

அம்மா: அந்த ஏர்கான் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்குமே! சோபாவே நனைந்தது.

கவிதா அக்கா: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும் அத்தை. ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

அத்தை: இப்போது சொல்கிறாய்.

பிரியா: அக்கா, திங்கள் காலை 7.30க்கு செங்காங் புளோக் வாசலிலிருந்து கிளம்பிப் பார்க்கிறேன். 55 வந்தால் விட்டுவிடலாம். குவீன்ஸ்டவுன் பிடித்திருக்கிறது, அந்த 600தான் யோசனையாக இருக்கிறது.

சித்தப்பா: வீட்டுக்காரரிடம் ஈராண்டுக்குக் கேட்டுப் பார்.

கவிதா அக்கா: கேட்கலாம். முன்பணமும் இரட்டிப்பாகும்.

பெரியம்மா: செவ்வாய்க்கிழமை ஈசூனிலிருந்தும் கிளம்பிப் பார் பிரியா. முதல் நாள் ராத்திரி என் வீட்டில் தங்கிக்கொள். தோசைக்கு மாவு இருக்கிறது.