கழக்கூட்டம் டெஸ்டர் இன்டர்வியூ: பூட்டிப்போன 14-ஆம் சீட்

குழித்துறைக்காரி:
போன வாரம் கழக்கூட்டத்துல டெஸ்டர் வேலைக்கு நேர்முகம். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வெச்சு, "இந்த பஸ் புக்கிங் சைட்டுல ஒரு பக் இருக்கு, கண்டுபிடிச்சு எழுதுங்க"ன்னாங்க மேடம்.

14-ஆம் சீட்டை எடுத்து பேமென்ட் பக்கம் வரை போய், பேக் அழுத்தினேன். நான் எடுத்த சீட்டே சாம்பல் நிறமாகி, தொட முடியல. உடனே "பேக் போனால் சீட் வேலை செய்யவில்லை"ன்னு எழுதினேன். "இதை வாசிச்ச டெவலப்பர் எங்கிருந்து தொடங்குவார்?"னு கேட்டாங்க. அப்புறம்தான் நிதானமா பார்த்தேன். பிரைவேட் விண்டோவுல திறந்தாலும் அதே சாம்பல் நிறம். அப்போ கோளாறு திரையில இல்ல, சர்வர்தான் சீட்டைப் பிடிச்சு வெச்சிருக்கு. கடிகாரம் பார்த்துக் காத்திருந்தேன், 10 நிமிஷத்துல விடுபட்டுது. திருத்தி எழுதினது:

தலைப்பு: பேமென்ட் பக்கத்திலிருந்து பேக் வந்தால், தேர்ந்தெடுத்தவருக்கே அந்த சீட் 10 நிமிடம் கிடைப்பதில்லை
படிகள்: 1. சீட் 14-ஐத் தேர்ந்தெடு 2. பேமென்ட் பக்கம் போ 3. பணம் கட்டாமல் பேக் அழுத்து
எதிர்பார்த்தது: அதே ஆள் அதே சீட்டில் தொடரலாம்
நடந்தது: சீட் பூட்டியிருக்கிறது, 5 முறையில் 5 முறையும்

கீழே பில்ட் எண், பிரவுசர், ஸ்கிரீன்ஷாட்.

"எதிர்பார்த்ததுன்னு எழுதியிருக்கீங்களே, எதை வெச்சு?"ன்னாங்க. 10 நிமிஷப் பூட்டு வேணும்னே வெச்சதா இருக்கலாம்னு அப்போதான் உறைச்சுது.

பக்கால எவ்வளவு சேதம்னு சொல்ற சிவியாரிட்டி மீடியம், எவ்வளவு சீக்கிரம் சரிசெய்யணும்னு சொல்ற பிரையாரிட்டியும் மீடியம்னேன். "திருவோணத்துக்கு முந்தின வாரம்னா?" ரெண்டையும் ஹைன்னுட்டேன். அங்கதான் சறுக்கினேன்.

வாளையார் தம்பி:
சிவியாரிட்டி டெஸ்டர் போடுறது, பிரையாரிட்டி டெவலப்பர் போடுறதுக்கா. அவ்ளோதான்.

பாறசாலை அண்ணன்:
முதல் பாதி சரி தம்பி. எதை முதல்ல சரிசெய்யணும்னு சொல்றது பெரும்பாலும் புராடக்ட் ஓனர்தான், டெவலப்பர் இல்ல. சின்ன கம்பெனியில மேனேஜரே ரெண்டையும் போட்டுடுவார்.

தங்கச்சி, ஓணம் வந்தாலும் பக்கால வர்ற சேதம் அதிகமாகாது. பணம் போகல, 10 நிமிஷத்துல சீட்டும் திரும்புது, அது மீடியம்தான். ஆனா சீட்டுக்கு அடிச்சுக்கிற நேரத்துல அந்த 10 நிமிஷம் விலை கூடினது. பிரையாரிட்டி மட்டும் ஏறும்.

கொழிஞ்சாம்பாறை:
அக்கா, கேள்வியெல்லாம் மலையாளத்துலயா? எனக்குப் பேச வரும், எழுத வராது. ஒரு தடவை அதனாலயே திரும்பி வந்தேன்.

குழித்துறைக்காரி:
இங்கிலீஷ்தான்மா, இடையில மலையாளம். ரிப்போர்ட் இங்கிலீஷ்ல எழுதினேன், மேல இருக்கிறது உங்களுக்காகத் தமிழ்ல.

செங்கோட்டை:
நான் மீடியம்னு ஒத்துக்க மாட்டேன். ஒரே ஆள் பேக் போய்ப் போய் 40 சீட்டையும் பூட்டிட்டா? பணமே கட்டாம பஸ் முழுக்க நிறைஞ்சுடும். அப்ப சிவியாரிட்டியே ஹை.

பாறசாலை அண்ணன்:
அது நடக்குமான்னு பார்க்காம ஹை போட முடியாது. ஒருத்தருக்கு இத்தனை சீட்டுன்னு வரம்பு இருக்கலாம். தங்கச்சி, ரெண்டாவது சீட்டை எடுத்துப் பார்த்தியா?

குழித்துறைக்காரி:
இல்லண்ணா. 14-ஐ மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.