புதுப்பிப்பு: பட்டியல் அகரவரிசைக்கு வந்துவிட்டது, ஔவை மட்டும் பாக்கி

> பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பெயர்ப் பட்டியலில், அமுதாவுக்கு முன்னால் அன்பு ஏன் வருகிறது?

யூனிகோடில் ன-வுக்கு ந-வை அடுத்தே இடம், நம் வரிசையிலோ பதினெட்டு மெய்களில் அதுதான் கடைசி. விவரம் தெரிந்த ஒருவர் தந்த வரி, போஸ்ட்கிரெஸில்:

```sql
ORDER BY name COLLATE "ta-x-icu"
```

அமுதா முன்னால் வந்துவிட்டாள். எக்செலில் கைப்பட அடுக்கச் சொன்னவருக்கு நன்றி, ஆனால் கேள்வி அதுவல்ல.

அப்புறம் பார்த்தால் ஔவை மட்டும் ஒ-வின் நடுவே, ஒளிமதியோடு. என்.எஃப்.சி. ஓட்டினால் சரியாகும் என்றார் இன்னொருவர். அது ஒ + ௗ என்றிருந்தால்தான் சேர்க்கும். பாமினியில் ஔ-வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவே அடிப்பதால் மாற்றியிலும் அப்படியே வந்திருக்கிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எல்லா ஒள-வையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஒளிமதி கெட்டுப்போவாள். அதனால் ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றினேன். இதில் மாட்டக்கூடிய பெயர் ஏதாவது தோன்றுகிறதா?